18 ஆச்சா இல்லையா? தேதியை நம்பரா மாத்தி வயசு கழிக்கிறதுல எங்க உதைக்குது

கோடுகுமரன் | 2019 மார்ச் 1, இரவு 9.12

எங்ககிட்ட ஒரு பழைய மெம்பர்ஷிப் ப்ரோக்ராம் இருக்கு, எழுதினவர் வேலைய விட்டுப் போயே பல வருஷம் ஆச்சு. 18 முடிஞ்சவங்கள மட்டும்தான் சேர்க்கும். 2001 மார்ச் 1 பிறந்த ஒரு பொண்ணு இன்னைக்கு ஃபார்ம் போட்டுச்சு, வயசு 17-ன்னு சொல்லி திருப்பி அனுப்பிருச்சு. டெஸ்ட் சர்வர்ல தேதிய நாளைக்குன்னு வச்சுப் பாத்தா பேசாம எடுத்துக்குது. உள்ள போய் பாத்தா ஒரே ஒரு வரிதான்:

```
age = int((today - dob).days / 365.25)
```

லீப் வருஷத்துக்காக கால் நாள் சேர்த்திருக்காங்க, பாக்க ஒழுங்காத்தான் இருக்கு. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரிசை நம்பர் குடுத்து கழிச்சா தப்பே வராதுன்னு படிச்சிருக்கேன், இதுவும் உள்ளுக்குள்ள அதத்தான் பண்ணுது. அப்புறம் ஏன் உதைக்குது?

சுமதி.ர | மார்ச் 1, இரவு 9.40

தலைய சுத்தி மூக்க தொடாதீங்க. தேதிய `YYYYMMDD`-ன்னு ஒரே நம்பரா எழுதிக் கழிங்க.

20190301 − 20010301 = 180000. 10000-ஆல வகுத்தா 18. அவ்ளோதான். இதுவும் வரிசை நம்பர்தானே, சின்ன தேதி சின்ன நம்பர், பெரிய தேதி பெரிய நம்பர். எத்தனை நாள்ங்கிறதும் இதுலேயே வந்துரும். நான் எல்லா ப்ரோக்ராம்லயும் இததான் போடுறேன்.

பழசு கோபால் | மார்ச் 1, இரவு 10.25

குமரன் தம்பி, கழிச்ச வரைக்கும் உங்க கோடு சரி, வகுத்த இடத்துலதான் சரிஞ்சுது.

2001 மார்ச் 1-லேருந்து 2019 மார்ச் 1 வரைக்கும் 6574 நாள். 18 தடவ 365 போட்டா 6570, நடுவுல வந்த பிப்ரவரி 29-கள் 2004, 2008, 2012, 2016-ன்னு நாலு, மொத்தம் 6574. இதுல ஒரு நாள் கூட சந்தேகம் கிடையாது. ஆனா 18 × 365.25 எவ்ளோ? 6574.5. அரை நாள் குறையுது, அதனால 17.9986-ன்னு வருது, `int` அத வெட்டி 17 ஆக்கிருது. அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கையில பிப்ரவரி 29 நாலே நாலுதான் வந்திருக்கு, உங்க கோடு நாலரை எதிர்பாக்குது. அரை பிப்ரவரி 29-ஐ அது எங்க போய் வாங்கிட்டு வரும்?

அதுக்காக எல்லாருக்கும் உதைக்கும்னு நினைக்காதீங்க. 2000 ஜனவரி 1 பிறந்தவருக்கு 2018 ஜனவரி 1 அன்னைக்கு 6575 நாள், ஏன்னா 2000-த்தோட பிப்ரவரி 29-ம் அவர் கணக்குல விழுது. அஞ்சு கிடைச்சிருச்சு, கோடு 18-ன்னு சரியா சொல்லும். அதே 2000-த்துல மார்ச் 1 பிறந்தவருக்கு நாலுதான், அவரும் மாட்டுவார். மொத்தத்துல 18-வது பிறந்தநாள் அன்னைக்கே வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர திருப்பி அனுப்பிட்டிருக்கு உங்க ப்ரோக்ராம். மறுநாள் வந்தா எல்லாருக்கும் சரியாயிரும், அதனாலதான் இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கல.

சுமதி மேடம், உங்க கணக்கு வருஷத்துக்கு ஓடும். நாளுக்கு ஓடாது. 20190301-லேருந்து 20190228-ஐ கழிங்க.

சுமதி.ர | மார்ச் 1, இரவு 10.31

73.

அட.

பழசு கோபால் | மார்ச் 1, இரவு 10.50

அதேதான். நிஜத்துல ஒரு நாள்தான் வித்தியாசம். உங்க நம்பர்ல 20190228-க்கும் 20190301-க்கும் நடுவுல தேதியே இல்லாத 72 நம்பர் சும்மா கிடக்கு. அந்த மாதிரி ஓட்டை உள்ள வரிசையில எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்லலாம், எவ்ளோ தூரம்னு சொல்ல முடியாது.

ஆனா ஒண்ணு, முடிஞ்ச வருஷம் மட்டும் வேணும்னா உங்க வழி குமரனோட 365.25-ஐ விட நல்லது. 20190228 − 20010301 = 179927, வகுத்து வெட்டினா 17. மறுநாள் 180000, அதாவது 18. கரெக்டா பிறந்தநாள் அன்னைக்கு மாறுது. ஏன்னா அது நாளை எண்ணவே இல்ல, மாசமும் தேதியும் தாண்டிருச்சான்னு மட்டும் பாக்குது. வயசுன்னு நாம சொல்றதும் அதத்தானே.

கோடுகுமரன் | மார்ச் 1, இரவு 11.05

புரியுது. ஆனா டெஸ்ட் கேஸ் இருந்துச்சே, பிறந்தநாள் அன்னைக்கே வச்சுப் பாத்த கேஸும் ஃபைல்ல இருக்கு, எல்லாம் பாஸ்.

பழசு கோபால் | மார்ச் 1, இரவு 11.14

எந்த வயசு வச்சு டெஸ்ட் பண்ணிருக்காங்கன்னு பாருங்க.

கோடுகுமரன் | மார்ச் 1, இரவு 11.16

20, 40, 60.

பழசு கோபால் | மார்ச் 1, இரவு 11.30

நினைச்சேன். நாலால வகுபடுற வயசுன்னா 365.25 பிசகாது, எந்த 20 வருஷம் எடுத்தாலும் பிப்ரவரி 29 சரியா அஞ்சுதான் வரும், 20 × 365.25-ம் சரியா 7305. நடுவுல 1900 மாதிரி நாலால வகுபட்டும் லீப் இல்லாத வருஷம் வந்தாத்தான் கெடும், 2000 லீப் வருஷமே, அதனால இப்ப இருக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. வேணும்னே பிழைய மறைக்கணும்னு உக்காந்து டெஸ்ட் எழுதினா கூட இவ்ளோ அழகா 20, 40, 60-ன்னு தோணாது. 17, 18, 19, 21 வச்சு, லீப் வருஷத்துக்கு முன்னாடி பிறந்தவங்க, பின்னாடி பிறந்தவங்கன்னு கலந்து போட்டிருந்தா அன்னைக்கே பல்ல இளிச்சிருக்கும்.

இன்னொண்ணும் கவனிங்க, 365.25 தப்பா சொன்னா லேட்டாத்தான் சொல்லும், முன்கூட்டி சொல்லாது. 365-ஆல வகுக்கிறவங்க எதிர்ப்பக்கம் மாட்டுவாங்க, 6570-வது நாள்லயே 18-ன்னு சொல்லிரும், அதாவது பிறந்தநாளுக்கு நாலு அஞ்சு நாள் முன்னாடியே. சேரக்கூடாத ஆள சேர்த்துக்கிற பிழை அது, எனக்கு அதுதான் பயம்.

ஆறுமுகம்_பேட்ச் | மார்ச் 2, காலை 7.20

இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு, எங்க ராத்திரி பேட்ச்ல பல காலமா ஜூலியன் தேதிதான். வருஷம் ரெண்டு இலக்கம், அப்புறம் அந்த வருஷத்துல எத்தனாவது நாள்னு மூணு இலக்கம். இன்னைக்கு 19061. கழிச்சா நாள் வந்துரும். ஒரு பில் எத்தனை நாள் நிலுவைன்னு நாங்க இப்படித்தான் பாக்குறோம்.

வானம்பார்த்தான் | மார்ச் 2, காலை 8.02

ஐயா அது ஜூலியன் நாள் எண்ணே இல்ல. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. 19001-லேருந்து 18365-ஐ கழிச்சுப் பாருங்க. டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் 636 நாளா?

ஆறுமுகம்_பேட்ச் | மார்ச் 2, காலை 8.15

அதே வருஷத்துக்குள்ள கழிச்சா சரியாத்தானே வருது. வருஷம் தாண்டினா தனியா ஒரு இஃப் போட்டு வச்சிருக்கோம்.

வானம்பார்த்தான் | மார்ச் 2, காலை 8.40

அந்த இஃப்ல லீப் வருஷத்துக்கு இன்னொரு இஃப் இருக்கும், ரெண்டு வருஷம் தாண்டினா மூணாவது ஒண்ணு இருக்கும். இந்த இஃப் எல்லாத்தையும் தூக்கிப் போடத்தான் நாள் எண்ணே வந்துச்சு.

வானியல்ல நாங்க வச்சிருக்கிற ஜூலியன் நாள் எண் நிஜமாவே ஒரே நேர்கோடு. 1583-ல ஸ்காலிஜர்ங்கிற அறிஞர் 7980 வருஷச் சுழற்சி ஒண்ணு போட்டார், 28, 19, 15 மூணையும் பெருக்கினா வர்ற எண் அது. அதோட தொடக்கம் கிமு 4713 ஜனவரி 1. அங்கேருந்து ஒரு நாள் விடாம எண்ணிட்டே வந்தா 2000 ஜனவரி 1 நண்பகல் 2451545. எந்த நட்சத்திரத்தோட ஒளி எப்ப மாறிச்சுன்னு ரெண்டு நூற்றாண்டு தள்ளிப் பதிவு பண்ணவங்க குறிப்ப எல்லாம் சும்மா கழிச்சுப் பாக்கலாம்.

ஒரே ஒரு குசும்பு இதுல உண்டு. நாள் மாறுறது நண்பகல்ல. ராத்திரி முழுக்க தொலைநோக்கில உக்காந்திருக்கிறவனுக்கு நடுராத்திரியில நாள் மாறினா குறிப்பேடு ரெண்டா உடையும், அதனால அப்படி. 2000 ஜனவரி 1 நடுராத்திரின்னா 2451544.5. இத ஒருத்தர் வெட்டி 2451544-ன்னு வைப்பார், இன்னொருத்தர் ஏத்தி 2451545-ன்னு வைப்பார், ரெண்டு பேர் ஃபைலயும் சேர்த்தா ஒரு நாள் பிசகு. அதனாலதான் 2400000.5-ஐ கழிச்சு, 1858 நவம்பர் 17 நடுராத்திரிய சுழியா வச்சு, சின்ன நம்பரா இன்னொரு எண்ணிக்கையும் புழக்கத்துல இருக்கு. சேர்த்த டேட்டால ஒரு நாள் பிசகு தெரிஞ்சா நான் முதல்ல இந்த அரைநாளத்தான் தேடுவேன்.

பழசு கோபால் | மார்ச் 2, காலை 10.05

வானம் சொன்னத ப்ரோக்ராம் பக்கத்துக்கு இழுத்துட்டு வர்றேன். எங்கேருந்து எண்ண ஆரம்பிச்சாங்கங்கிறது கழிக்கும்போது அடிபட்டுப் போயிரும். அந்தப் பொண்ணோட பிறந்த தேதி எக்செல்ல 36951, பைத்தான் `toordinal()`-ல 730545, 1970-லேருந்து எண்ணுற யூனிக்ஸ் கணக்குல 11382, வானம் எண்ணிக்கையில 2451970. 2019 மார்ச் 1-க்கும் அதே மாதிரி நாலு நம்பர் எடுத்து அதது கூட கழிங்க, நாலுலயும் 6574 வரும். கோபால்ல 1601 ஜனவரி 1-ஐ ஒண்ணுன்னு வச்சிருக்காங்க, அதுலயும் அதேதான். (கோபால்னா நான் இல்ல, அந்த மொழி. இந்தப் பேரால வாழ்க்கை முழுக்க கிண்டல்தான்.)

ரெண்டு வேற எண்ணிக்கைய கலந்தா மட்டும்தான் குடி முழுகும்.

லைப்ரரி இல்லாத இடத்துல வேணும்னா கையால எழுதுறது இவ்ளோதான்:

```
def daynum(y, m, d):
    if m < 3:
        y -= 1
        m += 12
    return (365*y + y//4 - y//100 + y//400
            + (153*(m - 3) + 2)//5 + d - 306)
```

சுமதி.ர | மார்ச் 2, காலை 10.22

153 எங்கேருந்து வந்துச்சு? மந்திரம் மாதிரி இருக்கு.

பழசு கோபால் | மார்ச் 2, காலை 11.10

மந்திரம் இல்ல. ஜனவரியையும் பிப்ரவரியையும் போன வருஷத்தோட 13-வது, 14-வது மாசமா தள்ளிட்டோம். அப்ப வருஷம் மார்ச்ல ஆரம்பிக்குது, எப்ப வரும் எப்ப வராதுன்னு தெரியாத பிப்ரவரி 29 வருஷத்தோட கடைசி நாளாயிருது. கடைசியில இருக்கிறது யாரையும் தள்ளிவிடாது, அதனால லீப் வருஷமான்னு கேக்குற இஃப்பே வேண்டாம். இப்ப மார்ச்லேருந்து அஞ்சு மாசத்த கூட்டுங்க, 31, 30, 31, 30, 31, மொத்தம் 153. ஆகஸ்ட்லேருந்து டிசம்பர் வரைக்கும் பாருங்க, அதே 31, 30, 31, 30, 31. திரும்ப 153. அஞ்சு மாசத்துக்கு 153 நாள்ங்கிற சரிவுல போற ஒரு கோடு, வெட்டி எடுத்தா மாசத்தோட தொடக்கம் சரியா விழும். ஏப்ரலுக்கு 155-ஐ அஞ்சால வகுத்தா 31, மே மாசத்துக்கு 308-ஐ வகுத்து வெட்டினா 61. அப்படியே போகும்.

கடைசி 306 எதுக்குன்னா, 1-ஆம் வருஷம் ஜனவரி 1-க்கு விடை 1 வரணும்னு. இந்த ஜாதி சூத்திரத்த ஒரே வரியில ஃபோர்ட்ரான்ல ஃப்ளீகலும் வான் ஃப்ளாண்டெர்னும் 1968-லயே பத்திரிகையில போட்டுட்டாங்க, அவங்களது வானத்தோட எண்ணுக்கு நேரா போகும்.

கைய வச்சு ஒரு தடவ போட்டுப் பாருங்க. 2001 மார்ச் 1: 365 × 2001 = 730365, கூட 500, கழி 20, கூட 5, மாசத்துக்கு சுழி, தேதிக்கு 1, கழி 306. 730545. 2019-க்கு அதே மாதிரி 737119. வித்தியாசம் 6574.

சரியா எழுதிருக்கோமான்னு பாக்க சுலபமான வழி கிழமை. இந்த நம்பர ஏழால வகுத்து மிச்சம் சுழின்னா ஞாயிறு, ஒண்ணுன்னா திங்கள். 730545-க்கு மிச்சம் 4, வியாழன். 737119-க்கு மிச்சம் 5, வெள்ளி. நேத்து வெள்ளிக்கிழமதானே? ஒரு நாள் பிசகியிருந்தா கிழம உடனே காட்டிக் குடுத்துரும்.

தீபா_யுஐ | மார்ச் 2, மதியம் 12.30

ஜாவாஸ்க்ரிப்ட்ல போடும்போது `//`-க்கு பதிலா `Math.floor` போடணும், வெறும் `/` மட்டும் போட்டா பின்னமாவே ஓடிட்டிருக்கும். அத மறந்துட்டு விடை ஏன் தசமத்துல வருதுன்னு முழிச்சவங்கள பாத்திருக்கேன்.

எக்செல் செல்வி | மார்ச் 2, மாலை 4.45

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, எனக்கு கோடு தெரியாது, எக்செல்தான். ஒருத்தர் அனுப்பின ஷீட்லேருந்து பிறந்த தேதி நெடுவரிசைய மட்டும் காப்பி பண்ணி என் ஷீட்ல ஒட்டினேன், எல்லாருக்கும் நாலு வயசு ஏறிருச்சு. ஒருத்தர் ரெண்டு பேருக்கு இல்ல, அத்தனை பேருக்கும். அவர் ஷீட்ல திறந்து பாத்தா சரியா இருக்கு. கழிக்கிறது நம்பகமானதுன்னு எல்லாரும் சொல்றீங்க, இது என்ன கூத்து?

பழசு கோபால் | மார்ச் 2, மாலை 5.20

அவர் ஷீட் 1904 கணக்குல இருக்கும்மா. பழைய மேக் எக்செல்ல தேதி எண்ண ஆரம்பிச்சது 1904 ஜனவரி 1-லேருந்து, மத்த எக்செல் எல்லாம் 1900-லேருந்து. ஒரே தேதிக்கு ரெண்டு கணக்குக்கும் 1462 வித்தியாசம், அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும். செல்லுக்குள்ள இருக்கிறது வெறும் நம்பர்தான், தேதிங்கிறது மேல பூசின வேஷம். நீங்க ஒட்டும்போது நம்பர் மட்டும் வந்துச்சு, உங்க ஷீட் அத தன் தொடக்கத்துலேருந்து படிச்சுது, எல்லாரும் 1462 நாள் முன்னாடி பிறந்தவங்களா ஆயிட்டாங்க. ஒரு பிறந்த தேதிய எடுத்து அவர் ஷீட்டையும் உங்க ஷீட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வருஷம் நாலு குறைஞ்சு தேதியும் ஒண்ணு குறைஞ்சிருந்தா இதேதான். ஒரு காலியான செல்லுல 1462-ன்னு அடிச்சு, ஒட்டின நெடுவரிசையோட கூட்டினா தீந்துச்சு.

எக்செல்ல இன்னொரு கோளாறும் இருக்கு, 60-ங்கிற நம்பருக்கு 1900 பிப்ரவரி 29-ன்னு காட்டும். அப்படி ஒரு நாள் உலகத்துலயே இல்ல. லோட்டஸ் 1-2-3-ல இருந்த பிசகு, அந்த ஃபைல்கள் ஓடணும்னு அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 1900 மார்ச் 1-க்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு பாதிப்பே இல்ல.

எக்செல் செல்வி | மார்ச் 2, மாலை 6.02

1904 டிக் அவர் செட்டிங்ல இருந்துச்சாம். கூட்டிட்டேன், சரியாயிருச்சு. இல்லாத நாளுக்கு நம்பர் குடுத்து வச்சிருக்கிறதுதான் சிரிப்பா வருது, அன்னைக்கு யாராவது பிறந்திருந்தா?

தீபா_யுஐ | மார்ச் 2, இரவு 8.15

குமரன், உங்க ஃபார்ம் பிரவுசர்ல வயசு காட்டுதுன்னா அதையும் ஒரு எட்டு பாத்துருங்க. `new Date("2001-03-01")`-ன்னு எழுதினா அது யூடிசி நடுராத்திரி, `new Date(2001, 2, 1)`-ன்னு எழுதினா கம்ப்யூட்டர் இருக்கிற ஊரோட நடுராத்திரி. யூடிசிக்கு பின்னாடி இருக்கிற ஊர்ல முதல் மாதிரி எழுதி `getDate()` கேட்டா 28-ன்னு வரும். முன்னாடி இருக்கிற ஊர்ல ரெண்டாவது மாதிரி எழுதி `toISOString()` போட்டா பிப்ரவரி 28-ன்னு டேட்டாபேஸ்ல போய் உக்காந்துக்கும். அப்புறம் நீங்க எவ்ளோ ஒழுங்கா கழிச்சாலும் கழிக்கிற நம்பரே தப்பு.

இதுல கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற நாடுன்னா கேக்கவே வேண்டாம். அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். மில்லிசெகண்ட கழிச்சு 86400000-ஆல வகுத்து `floor` போட்டா ஒரு நாள் காணாமப் போயிரும். நான் எப்பவும் `Date.UTC(y, m - 1, d) / 86400000`-ன்னுதான் நாள் நம்பர் எடுப்பேன், அங்க எல்லா நாளும் 24 மணி நேரம்.

பழசு கோபால் | மார்ச் 2, இரவு 8.50

இது முக்கியம். பிறந்த தேதிக்கு மணி கிடையாது. அத நேரமா சேமிச்சு வச்சவங்ககிட்ட எல்லாம் நான் சண்டை போட்டிருக்கேன், ஒருத்தரும் கேட்டதில்ல.

ஆறுமுகம்_பேட்ச் | மார்ச் 3, காலை 7.05

ராத்திரி எங்க கோடு பாத்தேன். நாலு இஃப் இருக்கு. வானம் சார் சொன்னதுக்கு மேல ஒண்ணு. `INTEGER-OF-DAY`-ன்னு கோபால்லயே ஃபங்ஷன் இருக்காம், வருஷம் நாலு இலக்கமா குடுத்தா போதுமாம். ஓடுற மாட்ட ஏன் தொடணும்னும் தோணுது.

வானம்பார்த்தான் | மார்ச் 3, காலை 9.30

சம்பந்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனா சொல்லிடுறேன். நாட்காட்டியே மாறினாலும் நாள் எண் மாறாதுங்கிறதுக்கு நல்ல உதாரணம் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் பிறந்தப்ப பிரிட்டன்லயும் அதோட குடியேற்றங்கள்லயும் பழைய ஜூலியன் நாட்காட்டி. பதிவுல இருக்கிறது பிப்ரவரி 11, 1731. அங்க அப்ப வருஷமே மார்ச் 25-ல தான் மாறும், அதனால நம்ம கணக்குல அது 1732. அப்புறம் 1752-ல செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14-ன்னு தாவினாங்க, அவர் பிறந்தநாள் பிப்ரவரி 22, 1732 ஆயிருச்சு. பழைய நாட்காட்டி விதிப்படி 11-ஐ மாத்தினாலும், புது விதிப்படி 22-ஐ மாத்தினாலும் ரெண்டுக்கும் 2353712-ன்னு ஒரே எண்தான் வரும். பேரு ரெண்டு, நாள் ஒண்ணு.

கோபால் சாரோட ஃபங்ஷன்ல அந்தப் பழைய தேதிய 1732 பிப்ரவரி 11-ன்னு அப்படியே போட்டா 11 நாள் பிசகும், அது புது நாட்காட்டிய பின்னோக்கி இழுத்துட்டுப் போற சூத்திரம். வம்சாவளி ப்ரோக்ராம் எழுதுறவங்க கவனிக்கணும்.

சுமதி.ர | மார்ச் 3, மதியம் 1.15

எல்லாம் சரி, பிப்ரவரி 29 பிறந்தவங்கள என்ன பண்றது? என் வழியில 20190228 − 20000229 = 189999, அதாவது 18. மார்ச் 1 அன்னைக்குத்தான் 19 ஆகுது. எனக்கு அதுதான் நியாயமா படுது, 28 அன்னைக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கே.

தீபா_யுஐ | மார்ச் 3, மதியம் 1.40

எனக்கு அப்படி தோணல. பிப்ரவரியோட கடைசி நாள் பிறந்தவங்க, பிப்ரவரியோட கடைசி நாள் அன்னைக்கு வயசு ஏறணும். என் ஃப்ரெண்ட் ஒருத்தி 29 பிறந்தவ, 28 அன்னைக்குத்தான் கேக் வெட்டுவா.

பழசு கோபால் | மார்ச் 3, மதியம் 2.30

இதுல நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாள் சண்டை போட்டாலும் முடியாது, கேக்க வச்சும் முடியாது. ஹாங்காங் சட்டத்துல லீப் இல்லாத வருஷம்னா மார்ச் 1-ன்னு எழுதியே வச்சிருக்கு. தைவான் சிவில் சட்டம் வேற மாதிரி, கடைசி மாசத்துல அந்தத் தேதி இல்லன்னா மாசத்தோட கடைசி நாளோட காலம் முடியுதுங்குது. நாள் எண் ரெண்டுல எதையும் சொல்லாது, 28-க்கும் மார்ச் 1-க்கும் ஒண்ணு வித்தியாசம்னு மட்டும்தான் சொல்லும்.

இதவிட வேடிக்கை, பிறந்தநாள் அன்னைக்குத்தான் வயசு முடியுதுங்கிறதே எல்லா இடத்துலயும் இல்ல. இங்கிலாந்து பழைய பொதுச்சட்டத்துல பிறந்தநாளுக்கு முதல் நாளே வயசு முடிஞ்சதா கணக்கு, 1969-ல சட்டம் போட்டுத்தான் மாத்தினாங்க. அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டி கணக்குக்கு இன்னைக்கும் முதல் நாள்தான், 1-ஆம் தேதி பிறந்தவங்களுக்கு போன மாசமே வயசு முடிஞ்சிரும்.

அதனால குமரன், உங்க விதிமுறையில என்ன எழுதிருக்குன்னு பாத்துட்டு இத போடுங்க. இது சுமதி மேடம் கட்சி, அதாவது மார்ச் 1:

```
def age(b, t):
    a = t.year - b.year
    if (t.month, t.day) < (b.month, b.day):
        a -= 1
    return a
```

எத்தனை நாள்னு கேட்டா நாள் நம்பர கழிங்க. எத்தனை வயசுன்னு கேட்டா இது. ஒண்ண எடுத்து வகுத்து இன்னொண்ணா ஆக்காதீங்க.

கோடுகுமரன் | மார்ச் 4, காலை 11.20

போட்டாச்சு, 17-லேருந்து 21 வரைக்கும் எல்லா வயசுக்கும் டெஸ்ட்டும் போட்டாச்சு. இப்ப மேல இருக்கிறவங்க, இத்தனை வருஷமா தப்பா திருப்பி அனுப்பினவங்க லிஸ்ட் எடுத்துக் குடுங்கறாங்க. விண்ணப்ப நாள் கழி பிறந்த நாள் 6574 வந்தவங்கள எடுத்தா போதும்தானே?

பழசு கோபால் | மார்ச் 4, மதியம் 12.05

பத்தாது. அஞ்சு பிப்ரவரி 29 கிடைச்சவங்களுக்கு 6574-ங்கிறது பிறந்தநாளுக்கு முதல் நாள், அவங்கள திருப்பி அனுப்பினது சரிதான். 6574-ம் இருக்கணும், மாசமும் தேதியும் பொருந்தவும் செய்யணும்.

கோடுகுமரன் | மார்ச் 4, மாலை 5.50

எடுத்தேன், லிஸ்ட் வந்துச்சு, மேல அனுப்பிட்டேன். ஒரே ஒரு ஆள் மட்டும் தொங்குறார். 2000 பிப்ரவரி 29 பிறந்தவர், போன வருஷம் பிப்ரவரி 28 ஃபார்ம் போட்டிருக்கார். 6574 பொருந்துது, தேதி பொருந்தல. விதிமுறையில "18 வயது பூர்த்தி"-ன்னு மட்டும்தான் இருக்கு.

தீபா_யுஐ | மார்ச் 4, மாலை 5.58

சேத்துருங்க.

சுமதி.ர | மார்ச் 4, மாலை 6.01

ஒரு நாள் முன்னாடி வந்திருக்கார். திருப்பி அனுப்பினது சரிதான்.